சுருக்கத்தைச் சேர்க்கும் முன் சீட்டுகளைச் சேருங்கள்

கேள்வி: 600 பக்க அறிக்கையை ஐந்து பேர் பிரித்துப் படித்துச் சுருக்கம் எழுதுகிறோம். ஒன்றாகச் சேர்த்தால் ‘அட்டவணை 2.8 பார்க்க’ மாதிரியான தொடர்பெல்லாம் காணாமல் போகிறது. எப்படிக் காப்பாற்றுவது?

காசிமேட்டில் நாங்கள் ஐந்து பேர் ஒரு கடலோரத் திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையை இப்படித்தான் பங்கு போட்டோம். கருத்துக்கேட்புக்கு ஒரு மாதம் இருந்தது. ஆளுக்கு 120 பக்கம் என்று வெட்டினோம்.

நாலாம் அத்தியாயம் படித்த அக்கா, “மீன்பிடிப்புக்குப் பாதிப்பு குறைவு” என்று எழுதினார். மூலத்தில் அந்த வரி, “அட்டவணை 2.8இன்படி தடைக்காலத்தில் தூர்வாருவதால்” என்று தொடங்கியது. அந்த அட்டவணை என் பங்கில் இருந்தது. நான் “தூர்வாரும் பணி ஒன்பது மாதம்” என்று எழுதியிருந்தேன். இரண்டு சுருக்கமும் தனித்தனியே சரிதான். ஆனால் ஏழு பக்க இடைவெளியில் கிடந்ததால் யாரும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. விசைப்படகு வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் படித்துவிட்டு, “ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும்தானே தடை? ஒன்பது மாச வேலை அதுக்குள்ள எப்படிப்பா முடியும்?” என்று கேட்டபோதுதான் உறைத்தது.

அன்றைக்கே முறையை மாற்றினோம். பக்கக் கணக்கை விட்டு அத்தியாய எல்லையில் வெட்டினோம். பிரிப்பதற்கு முன்பே ஒருவர், PDF கோப்புக்குள் சொல் தேடும் pdfgrep என்ற கருவியை வைத்து, அறிக்கை முழுக்க எங்கெங்கே எதைச் சுட்டுகிறது என்று பட்டியல் எடுத்தார்:

```
pdfgrep -n "(Section|Table|Annexure) [0-9]+" report.pdf
```

முன்னால் வரும் எண் கோப்பின் பக்கம். தாளில் அச்சிட்ட பக்க எண்ணோடு பொருந்தாமல் போகலாம். ஸ்கேன் செய்த படமாக இருந்தால் இந்தக் கட்டளைக்கு ஒன்றும் அகப்படாது, கண்ணால்தான் தேட வேண்டும். “மேலே கூறியபடி” என்று எண் இல்லாமல் வருபவையும் அப்படித்தான்.

படிப்பவர் ஒவ்வொரு சுருக்க வரிக்கும் பிரிவு எண் போடுவார். ‘என்றால்’, ‘இன்படி’ போன்ற நிபந்தனையை வெட்டக் கூடாது. தன் பங்குக்கு வெளியே சுட்டும் ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு: “4.3 → அட்டவணை 2.8, தூர்வாருதல் தடைக்காலத்துக்குள் என்கிறது. சரியா?”

சேர்க்கும் நாளில் முதலில் சீட்டுகளைத்தான் கைமாற்றினோம். அட்டவணை யார் பங்கோ அவர் மூலத்தைத் திறந்து பார்த்து, சீட்டின் கீழே பதில் எழுதினார். “இல்லை, ஒன்பது மாதம்” என்று நான் எழுதியதும் இரண்டு வரிகளும் ஒரே பத்தியில் வந்து உட்கார்ந்தன. அதன் பிறகே சுருக்கங்களை ஒட்டினோம். கடைசியாக, பட்டியலிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு பத்துச் சுட்டுகளை எடுத்து, இரண்டு முனையும் சேர்த்த சுருக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்தோம். இரண்டு தவறின, அந்த அத்தியாயங்களை மட்டும் திரும்பப் படித்தோம்.

மூன்று சீட்டுகளுக்குப் பதிலே கிடைக்கவில்லை. அவை சுட்டிய பின்னிணைப்பு கோப்பிலேயே இல்லை. அவற்றை அழிக்காமல் அப்படியே கேள்விகளாக எழுதி, கருத்துக்கேட்பில் கொடுத்தோம்.