460 ரூபாய் பழைய நிலுவையை மூடும் கடிதம்

கேள்வி: கந்தப்பளையில் விதை, உரக் கடை நடத்துகிறேன். பதினைந்து வருடமாக எங்களிடம் வாங்கும் தோட்டக்காரர் ஒருவரின் பெயரில் 2022 முதல் 460 ரூபாய் நிலுவை நிற்கிறது. அதன் பிறகு அவர் வாங்கியதற்கெல்லாம் பணம் ஒழுங்காக வந்துவிட்டது. இந்தத் தொகையைத் தள்ளிவிட நினைக்கிறேன். அவர் மனம் நோகாமல் எப்படிக் கடிதம் எழுதுவது?

பதில்: கடிதத்துக்கு முன், அந்த 460 ரூபாய் எப்படி வந்தது என்று பழைய பில் புத்தகத்தைப் பாருங்கள். ஒழுங்காகப் பணம் கட்டும் ஒருவரிடம் இத்தனை சிறிய தொகை நிற்கிறது என்றால், தவறு பெரும்பாலும் கடையின் பக்கமே இருக்கும். 2022 இல் உர விலை அடிக்கடி மாறிக்கொண்டிருந்ததால், ஓடர் எடுத்த நாளின் விலைக்கு அவர் பணம் கட்டியிருக்க, நீங்கள் இறக்கிய நாளின் விலைக்குப் பில் போட்டிருக்கலாம். அல்லது அவர் திருப்பித் தந்த பொருள் கணக்கில் ஏறாமல் போயிருக்கலாம். அப்படியென்றால் அது தள்ளுபடி அல்ல, பிழைதிருத்தம். அவர் தரவேண்டியிராத பணத்தைப் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுப்பதாக எழுதுவதைப் போல அவரைப் புண்படுத்துவது வேறொன்றில்லை. அந்த நிலையில், கணக்குப் பிழைக்கு வருத்தம் தெரிவிக்கும் இரண்டு வரிகள் போதும்.

உண்மையான நிலுவைதான் என்று தெரிந்தால், முதலில் பேரேட்டை மூடுங்கள். அறவிடமுடியாக்கடன் கணக்கில் 460 ரூபாயை வரவாகவும், அவருடைய கணக்கில் செலவாகவும் பதிந்து, காரணத்தை ஒரு வரியில் எழுதி, கடை உரிமையாளராகிய நீங்களே கையொப்பமிடுங்கள். இந்த அதிகாரத்தைக் காசாளரிடம் விட வேண்டாம். வாங்கிய பணத்தைத் தள்ளுபடி என்று எழுதி மறைக்க அது வழியாகிவிடும். மாதக் கணக்கைக் குறுஞ்செய்தியில் அனுப்பும் வழக்கம் இருந்தால், மீதி பூச்சியம் என்று காட்டுகிறதா என்பதையும் பாருங்கள். கணக்கு மூடிவிட்டது என்று கடிதம் போய்ச் சேர்ந்த அடுத்த வாரமே பழைய 460 ரூபாயைக் கேட்டுச் செய்தி போனால், கடிதத்தின் நல்லெண்ணம் முழுவதும் அதோடு போய்விடும்.

கடிதத்தை இவ்வாறு எழுதலாம்:

"மதிப்புக்குரிய ஐயா, 2022 ஆம் ஆண்டுப் பில் ஒன்றின் மீதியாகத் தங்கள் கணக்கில் 460 ரூபாய் இருந்துவந்தது. அந்தத் தொகையை இன்றைய திகதியுடன் எமது கணக்கிலிருந்து முழுமையாக நீக்கிவிட்டோம். இது குறித்துத் தாங்கள் எதுவும் செலுத்த வேண்டியதில்லை. இனியும் எம்மால் கேட்கப்படமாட்டாது. தங்கள் நடப்புக் கணக்கும் கடன் தவணையும் வழமைபோலத் தொடரும். எமது கணக்கில் ஏதேனும் பிழை இருப்பதாகத் தங்கள் பில்களில் தெரிந்தால், தயவுசெய்து அறியத்தாருங்கள். வரும் போகத்துக்கான விதைக்கிழங்குத் தேவையைத் தாங்கள் முன்கூட்டியே சொன்னால், ஒதுக்கி வைக்கிறோம்."

இதில் 'மன்னிக்கிறோம்', 'சலுகை', 'பலமுறை நினைவூட்டியும்' என்ற சொற்கள் இல்லை என்பதைக் கவனியுங்கள். தொகை, எந்த ஆண்டுப் பில், இனிக் கேட்கமாட்டோம் என்ற உறுதி ஆகிய மூன்றும் தெளிவாக இருந்தால் போதும். பில் இலக்கம் கிடைத்தால் அதையும் சேருங்கள். நடப்புக் கணக்கைப் பற்றிய வரியை விட்டுவிடாதீர்கள், ஏனெனில் அது இல்லாவிட்டால், தம்மோடு கணக்கையே முடித்துக்கொள்கிறார்களோ என்று அவர் நினைக்கக்கூடும்.

சட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுத வேண்டாம். கடன்களுக்கான காலவரையறையைச் சொல்லும் 1871 ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டத்தின்படி, கடைக் கணக்குக் கடனுக்கு வழக்குத் தொடர ஓராண்டுதான் அவகாசம். இடையில் அவர் எழுத்தில் ஏற்றுக்கொண்டதோ பகுதிப் பணம் கட்டியதோ இருந்தால் மட்டும் அது நீளும். ஆகவே நீங்கள் இழப்பது பெரும்பாலும் ஏட்டில் மட்டும் இருக்கும் உரிமையைத்தான். ஆனால் அதைக் கடிதத்தில் சொன்னால், வழக்குப் போட முடியாததால்தான் விட்டார்கள் என்று ஆகிவிடும். பதிவுத் தபாலும் வேண்டாம். மலைப் பக்கத்தில் அது வந்தாலே வழக்கறிஞர் கடிதமோ என்ற பயம் வரும். அடுத்த முறை அவர் சாமான் எடுக்க வரும்போது, உறையிலிட்டு, தனியாக நிற்கையில் நீங்களே கொடுங்கள். மற்ற வாடிக்கையாளர்கள் முன்னிலையில் கொடுத்தால், கடன்காரர் என்ற பேச்சு ஊரில் அன்றே பரவும்.

பிறகு வேறொருவர் வந்து 'எனக்கும் தள்ளுங்கள்' என்று கேட்பார். 500 ரூபாய்க்குக் குறைந்து, இரண்டு வருடத்துக்கு மேற்பட்டு, அதன் பின் எடுத்த சாமானுக்கெல்லாம் பணம் கட்டியவருக்கு மட்டும் என்பதுபோல ஓர் எல்லையை இப்போதே உங்கள் கொப்பியில் எழுதி, எல்லோருக்கும் அதையே பின்பற்றுங்கள்.

கடிதத்தை வாசித்துவிட்டு அவர் 460 ரூபாயை மேசையில் வைத்தால், 'வேண்டாம்' என்று ஒருமுறை சொல்லலாம். மறுபடியும் நீட்டினால் வாங்கி, பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்து, அறவிடப்பட்ட பழைய கடன் என்று வருமானத்தில் பதியுங்கள். அவருக்கு அது மானப் பிரச்சினை. அந்தப் பணத்தைத் திருப்பித் தள்ளக் கூடாது.