23, 7, 1: ஒரே அட்டவணையில் மூன்று ஃப்ளோட்

வேலை தொடங்கும்போது ஒப்புக்கொள்ளும் மூல அட்டவணையான பேஸ்லைனோடு, அதை விளக்கிக் கிளையன்டுக்குக் கொடுக்கும் நரேட்டிவ் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். தலைப்பில் உள்ள ஃப்ளோட் என்பது ஒரு வேலை எத்தனை நாள் தாமதமானாலும் முடிவுத் தேதி கெடாது என்ற கணக்கு. எல்லாவற்றுக்கும் ஒரே உதாரணம்தான்: நான் பிளானிங் பார்த்த ஒரு ரயில்வே மேம்பாலம். கணக்கு புரிவதற்காகக் கால அளவுகளைச் சற்று எளிமையாக்கியிருக்கிறேன்.

பேஸ்லைனோடு நரேட்டிவ் கேட்கிறார்கள். சீனியர் பழைய புராஜெக்ட்டின் 40 பக்க ஃபைலைக் கொடுத்துப் பெயரை மட்டும் மாற்றச் சொல்கிறார். முழுக்க மெத்தட் ஸ்டேட்மென்ட்தான் இருக்கிறது. இது போதுமா சார்?

போதாது தம்பி. பைல் அடித்தளத்தை எப்படிப் போடுவீர்கள் என்பது வேறு ஆவணத்தில் இருக்கிறது. நரேட்டிவ் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: வேலை ஏன் இந்தத் தேதியில் முடிகிறது, எது நகர்ந்தால் அந்தத் தேதி நகரும். கிளையன்ட் பக்கம் படிப்பவர் அட்டவணை போடும் பிரைமவேரா மென்பொருளைத் திறக்கப் போவதில்லை என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

நம் மேம்பாலத்தில் வேலை தொடக்கம் 2024 ஜூன் 1, ஒப்பந்தப்படி முடிவு 2025 நவம்பர் 30. ஆயிரம் ஆக்டிவிட்டி இருந்தாலும் தேதியைத் தீர்மானித்தது ஒரே சங்கிலி. அதை நரேட்டிவின் முதல் பக்கத்தில் இப்படி எழுதினோம்:

"ரயில் பாதைக்கு மேல் வரும் எஃகு கர்டர்களின் ஃபேப்ரிகேஷன் வரைபடங்களை ஜூலை 15க்குள் சமர்ப்பிப்போம். ஒப்புதலுக்கு 60 நாள் வைத்திருக்கிறோம், அது செப்டம்பர் 13 வரை. அதன் பிறகு எஃகு வாங்க 45 நாள், தொழிற்சாலையில் ஃபேப்ரிகேஷன் 150 நாள், தளத்துக்குக் கொண்டுவந்து கோர்க்க 37 நாள். 2025 மே 3க்குள் கர்டர்கள் தயார். ரயில்களை நிறுத்தி வேலைக்கு நேரம் தரும் ரயில்வே பிளாக் கிடைக்கும் நான்கு ஞாயிறு இரவுகளில் நான்கு கர்டர்கள் ஏறும். பேரிங், பிரேசிங் வேலை மே 31க்குள் முடியும். டெக் ஸ்லாப் 70 நாள், கிராஷ் பேரியர் 30 நாள், தார் மேற்பூச்சு 15 நாள். இது செப்டம்பர் 23இல் முடியும். லோடு டெஸ்ட், கடைசி வேலைகள், ஒப்படைப்புக்கு 45 நாள் போக நவம்பர் 7இல் பணி நிறைவு."

இந்த ஒரு பத்தியை எழுத முடியவில்லை என்றால் அட்டவணையே இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம். அப்ரோச், ரீடெய்னிங் வால் எல்லாம் பின்னால் அரைப் பக்கத்தில் வரலாம். எங்கள் அட்டவணையில் அவற்றுக்கு நிறைய நேரம் இருந்தது.

நான் கிளையன்ட் தரப்பு. எங்கள் கான்ட்ராக்டரும் இப்படித்தான் "கடைசியில் 23 நாள் ஃப்ளோட் இருக்கிறது" என்கிறார். அட்டவணையில் ஒரு இடத்தில் 7 இருக்கிறது, கர்டர் ஏற்றும் வரியில் 1 இருக்கிறது. எதை நம்புவது?

மூன்றும் சரி. ஆனால் நீங்கள் பார்க்க வேண்டியது 7. உங்கள் அட்டவணையை நான் பார்த்ததில்லை, எண்கள் எங்களுடையதோடு அப்படியே பொருந்துவதால் அதை வைத்தே சொல்கிறேன்.

நவம்பர் 7க்கும் நவம்பர் 30க்கும் நடுவில் 23 நாள். அது லோடு டெஸ்ட் முதலான கடைசி வேலைகளுக்கு மட்டும் சொந்தம். அதற்கு முந்தைய தார் வேலை மழைக் காலண்டரில் ஓடுகிறது. அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை அந்தக் காலண்டரில் வேலை நாளே கிடையாது. ஆகவே தார் வேலை செப்டம்பர் 30ஐத் தாண்டக் கூடாது. 23இல் முடிவதற்கும் 30க்கும் இடையே 7 நாள். அதற்கு முன்னால் இருக்கிற சங்கிலி முழுக்க, உங்கள் 60 நாள் ஒப்புதல் உட்பட, இந்த 7 நாளைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது.

கர்டர் வரியில் இருக்கிற 1 என்பது ஒரு நாள் இல்லை, ஒரு ஞாயிறு. அந்தக் காலண்டரில் வாரத்துக்கு ஒரே வேலை நாள். எனவே அங்கே 1 என்றால் இங்கே 7.

இப்போது ஒப்புதல் 60 நாளுக்குப் பதில் 68 நாள் ஆனால் என்ன ஆகும் என்று பாருங்கள். கோர்க்கும் வேலை மே 11 ஞாயிறன்றுதான் முடியும். அன்று இரவு பிளாக்குக்கு அது உதவாது, முதல் கர்டர் மே 18க்குப் போகும். எட்டு நாள் தாமதம் பதினான்கு நாளாகிவிட்டது. தார் வேலை செப்டம்பர் 23இல் தொடங்கி எட்டு நாள் மட்டும் நடக்கும். மீதி ஏழு நாள் ஜனவரி 1 முதல் 7 வரை. அதன் பிறகு 45 நாள். முடிவு 2026 பிப்ரவரி 21, ஒப்பந்தத் தேதியைத் தாண்டி 83 நாள். அதே ஒப்புதல் 67 நாளில் வந்திருந்தால் ஒரு நாள்கூடத் தாண்டியிருக்காது.

இன்னொரு விஷயம். ஃப்ளோட் பூஜ்யமாக இருப்பதை மட்டும் கிரிட்டிக்கல் என்று வடிகட்டினால் இந்த அட்டவணையில் ஒரு வரியும் வராது. பல காலண்டர்கள் இருக்கும்போது `Total Float` பார்க்காமல், முடிவுத் தேதியைத் தீர்மானிக்கும் சங்கிலியைக் காட்டும் `Longest Path` பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். நரேட்டிவில் எந்த முறையில் எடுத்தது என்பதும் ஒரு வரி இருக்கட்டும்.

பிளாக் தேதி ரயில்வே கொடுப்பது. நம் கையில் இல்லை. அதனால் நான் அதற்கு `Mandatory Start` போட்டு லாக் செய்துவிடுவேன். கட்டுப்பாடு என்றால் அதுதானே?

பாதி சரி. தேதி வெளியிலிருந்து வருகிறது என்பது உண்மை. ஆனால் `Mandatory Start` போட்டால் லாஜிக்கையே மீறி அந்தத் தேதியில் உட்கார்ந்துவிடும். கர்டர் இன்னும் தொழிற்சாலையில் இருக்கும்போதே அட்டவணை அதைப் பாலத்தின் மேல் ஏற்றிக் காட்டும். முன்னால் நெகட்டிவ் ஃப்ளோட் வரும், பின்னால் முடிவுத் தேதி அசையாது. கிளையன்ட் பார்ப்பது முடிவுத் தேதியை. நானும் ஒரு முறை இப்படிப் போட்டுவிட்டு, மூன்று மாதம் "எல்லாம் சரியான நேரத்தில்" என்று ரிப்போர்ட் அனுப்பியிருக்கிறேன்.

அந்தத் தேதிக்கு முன் தொடங்காது என்று மட்டும் சொல்லும் `Start On or After` அதைவிட மேல். தாமதம் வந்தால் பின்னால் தள்ளும். ஆனால் அதுவும் முழுசாக உண்மை சொல்லாது, ஏனென்றால் ஒரு ஞாயிறு போனால் மறுநாள் திங்கட்கிழமை ஏற்ற முடியாது. அதனால்தான் பிளாக் கிடைக்கும் இரவுகளை மட்டும் வேலை நாளாக வைத்துத் தனிக் காலண்டர் போட்டோம்.

அந்தக் காலண்டரும் ஓர் அனுமானத்தின் மேல்தான் நிற்கிறது: ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அனுமதி அதற்குள் வந்திருக்க வேண்டும், மேலே போகும் 25 ஆயிரம் வோல்ட் மின்கம்பியில் மின்சாரத்தை நிறுத்தித் தர வேண்டும். அனுமதிக்கு விண்ணப்பிப்பது யார், எந்தத் தேதிக்குள், அதற்கு நாம் கொடுக்க வேண்டிய தாள்கள் என்ன என்று நரேட்டிவில் எழுதினோம். அட்டவணையில் 2025 மார்ச் 31க்கு ஒரு மைல்ஸ்டோன் வைத்துக் கர்டர் ஏற்றுவதோடு இணைத்தோம். நரேட்டிவில் மட்டும் இருந்து அட்டவணையில் வரி இல்லாத கட்டுப்பாட்டுக்கு வேலை எதுவும் கிடையாது.

அக்டோபர் பூரா எங்கே சார் மழை பெய்கிறது? நான் கோயம்புத்தூர்ப் பக்கம் நவம்பரிலேயே தார் போட்டிருக்கிறேன். ஏழு நாள் வேலைக்காக ஜனவரி வரை காத்திருப்போம் என்று காட்டுவது ஏமாற்று வேலை மாதிரி இல்லையா?

உங்கள் கோபம் நியாயம்தான். அக்டோபர் 1இல் வெயில் அடித்தால் நானும் போட்டுவிடுவேன். எங்கள் தளம் கடலோரம். ஈரத் தரையில் தார் ஒட்டாது, காலையில் காய்ந்து மாலையில் நனைகிற மாதங்களில் பிளான்ட்டை ஓட்டி வைத்துக் காத்திருப்பது நஷ்டம். அதனால் மூடினோம். உங்கள் பக்கம் மாதத்துக்கு இத்தனை நாள் என்று கழிப்பதே சரியாக இருக்கலாம். நான் மதிக்கும் ஒரு பிளானர் கடலோரத்திலும் அப்படித்தான் போடுகிறார். அவர் அட்டவணையில் இந்தப் பாய்ச்சல் வராது, பதிலாக ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் பொய்யாக இருக்கும் என்பது என் வாதம். அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

எது போட்டாலும் நரேட்டிவில் சொல்லிவிட வேண்டும். "செப்டம்பர் 30 என்பது திட்டமிடலுக்கான எல்லை, வானிலை அனுமதித்தால் அக்டோபரிலும் வேலை தொடரும்" என்று ஒரு வரி சேர்த்தோம். அது இல்லாமல் 83 நாள் கணக்கை மட்டும் நீட்டினால் நீங்கள் சொன்ன பெயர்தான் கிடைக்கும்.

துபாயில் வேலை பார்க்கிறேன் அண்ணா. எங்களுக்கு மழைப் பிரச்சினை இல்லை, ஒரே காலண்டர் போதும்தானே?

ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை செய்யக் கூடாது என்ற தடையை மறந்துவிட்டீர்களே! ரமலானில் வேலை நேரம் தினமும் இரண்டு மணி நேரம் குறையும். அந்த மாதம் ஒவ்வொரு ஆண்டும் சுமார் 11 நாள் முன்னால் நகரும், நீண்ட புராஜெக்ட்டில் அதையும் பார்த்துப் போடுங்கள். காலண்டரில் மணியைக் குறைக்கிறீர்களா, கால அளவைக் கூட்டுகிறீர்களா, ஏதாவது ஒன்று மட்டும் செய்யுங்கள். இரண்டையும் செய்துவிட்டு மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

அந்த 7 நாள் யாருக்குச் சொந்தம்? நாங்கள் வரைபடத்தையே 5 நாள் தாமதமாகக் கொடுத்துவிட்டோம், கிளையன்ட் ஒப்புதலுக்கு 4 நாள் கூடுதலாக எடுத்தார். இப்போது காலநீட்டிப்பு கேட்கலாமா?

முதலில் ஒப்பந்தத்தைப் பாருங்கள், ஃப்ளோட் யாருடையது என்று அதில் இருந்தால் அதுதான் பதில். இல்லாவிட்டால், யார் முதலில் எடுக்கிறாரோ அவருக்கு என்பதுதான் பொதுவாகப் பின்பற்றும் நிலை. இங்கிலாந்தின் கட்டுமானச் சட்டச் சங்கமான எஸ்சிஎல்லின் தாமத நெறிமுறையும் ஒப்பந்தம் வேறு மாதிரிச் சொல்லாதவரை ஃப்ளோட் ஒரு தரப்புக்கு மட்டும் உரியதல்ல என்றே பார்க்கிறது. அந்த வழியில் 5 நாளை நீங்கள் தின்றுவிட்டீர்கள், மிச்சம் 2இல் அவர் 4 எடுத்தார், எல்லையைத் தாண்டியது அவர் எடுத்த நாட்களில். கேட்கலாம். ஆனால் அவர் "உங்கள் 5 நாள் இல்லாவிட்டால் என் 4 நாள் எதையும் பாதித்திருக்காது" என்பார். அதுவும் உண்மைதான். இதற்கு எனக்கு ஒரே பதில் இல்லை, வழக்கறிஞர்களிடமும் இல்லை.

நரேட்டிவில் "கிளையன்ட் 60 நாளில் ஒப்புதல் தர வேண்டும்" என்று எழுதி, அவர்கள் எதிர்ப்புச் சொல்லாமல் இருந்தால் அது அவர்களைக் கட்டுப்படுத்துமா?

அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். ஃபிடிக் என்ற சர்வதேச மாதிரி ஒப்பந்தத்தின் 1999 சிவப்புப் புத்தகத்தில், தொடக்க அறிவிப்பு கிடைத்த 28 நாளுக்குள் அட்டவணை தர வேண்டும். ஒப்பந்தத்தோடு பொருந்தவில்லை என்று 21 நாளுக்குள் இன்ஜினீயர் சொல்லாவிட்டால் அதன்படி வேலையைத் தொடரலாம். ஆனால் உங்கள் மற்ற கடமைகள் அப்படியே இருக்கும். ஒப்பந்தத்தில் ஒப்புதலுக்கு 90 நாள் என்று இருந்தால் நரேட்டிவில் 60 எழுதியதால் அது 60 ஆகிவிடாது. அனுமானங்களை எழுதும் முன் ஒவ்வொன்றுக்கும் ஒப்பந்தத்தில் எண் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதையே போட்டு ஷரத்து எண்ணைக் குறிப்பிடுங்கள். எங்களுக்கு ஒப்பந்தத்தில் எண்ணே இல்லை, அதனால் 60 நாளையும் அதன் மேல் 7 நாளையும் கிக்-ஆஃப் கூட்டத்தில் வாசித்துக் காட்டி, கூட்டக் குறிப்பில் ஏற்ற வைத்தோம். ஒப்புதல் 64ஆம் நாளில் வந்தது.