ஹீமோகுளோபின் நார்மல் என்றாலும் களைப்பு ஏன்?

கேள்வி: எட்டு மணி நேரம் தூங்கியும் எழும்போதே களைப்பாக இருக்கிறது. ஹீமோகுளோபின் 12.2, நார்மல் என்று சொல்லிவிட்டார்கள். அப்படியானால் எனக்கு இரும்புச்சத்துக் குறைவு இல்லையா? (பெண், வயது 34)

அப்படிச் சொல்லிவிட முடியாது. இரும்பு குறையும்போது ஹீமோகுளோபின் கடைசியில்தான் இறங்கும். நான் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். உங்களுடையதைப் போன்ற ரிப்போர்ட் அடிக்கடி கையில் வரும். 12-க்கு மேல் இருந்தால் பக்கத்தில் சிவப்புக் குறி விழாது. குறி இல்லாததால் யாரும் அதை இரண்டாவது முறை பார்ப்பதில்லை.

உடம்பில் இருக்கும் மொத்த இரும்பு மூன்று, நான்கு கிராம்தான். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ரத்தச் சிவப்பணுக்களுக்குள் ஹீமோகுளோபினாக இருக்கிறது. நுரையீரலில் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்வது இந்த இரும்புதான். ஆனால் அதன் வேலை அதோடு முடிவதில்லை. கொண்டுபோன ஆக்சிஜனை வைத்துத் தசையும் மூளையும் சக்தி தயாரிக்க வேண்டும் அல்லவா? செல்லுக்குள் அதைச் செய்யும் புரதங்கள் பலவற்றுக்கும் இரும்பு வேண்டும். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஆள் சோர்ந்து போவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். ரத்தசோகை இல்லாத, ஆனால் இரும்பு இருப்பு குறைந்த பெண்களுக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் களைப்பு குறைந்திருக்கிறது.

அந்த இருப்பு ஃபெரிட்டின் என்ற புரதத்துக்குள் இருக்கிறது. வரவு குறைந்தால் உடம்பு முதலில் இதிலிருந்து எடுத்து ரத்தத்துக்குக் கொடுக்கும். இது தீர்ந்த பிறகுதான் புதிய சிவப்பணுக்கள் சிறுத்து, வெளுத்து வரத் தொடங்கும். அப்புறம்தான் ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போய், ரத்தசோகை என்ற பெயர் கிடைக்கும். கர்ப்பிணி அல்லாத பெண்களுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை 12, ஆண்களுக்கு 13. ஒரு பெண்ணுக்கு 13.5-லிருந்து 12.2-க்கு இறங்கியிருந்தாலும் ரிப்போர்ட் நார்மல் என்றே சொல்லும். பழைய ரிப்போர்ட் இருந்தால் எடுத்துப் பாருங்கள்.

என் அண்ணி கதையைச் சொல்கிறேன். அவருக்கும் ஹீமோகுளோபின் 12.1. மாடிக்குத் துணி காயப்போட ஏறினால் பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மதியம் மூன்று மணிக்கு மேல் கண் சொக்கும், தலை கனக்கும். வயசாகிறது, வீட்டு வேலை அதிகம் என்று அவரே காரணம் சொல்லிக்கொண்டார். எனக்குச் சந்தேகம் வந்தது வேறொன்றைப் பார்த்து. முறத்தில் அரிசி புடைக்கும்போது ஒரு கை அள்ளி வாயில் போட்டு நறநறவென்று மெல்லுவார். கேட்டால் சிரிப்பார். பச்சரிசி, சாம்பல், சாக்பீஸ், ஐஸ்கட்டி என்று எதையாவது தின்னத் தோன்றுவது இரும்புக் குறைவோடு சேர்ந்து வருகிற ஒன்று. எல்லோருக்கும் வராது, வந்தால் சும்மா விடக்கூடாது. ஃபெரிட்டின் பார்க்கச் சொன்னேன். 7 வந்தது. 15-க்குக் கீழே போனால் இருப்பு காலி என்று கணக்கு. 30-க்குக் கீழேயே குறைவு என்று எடுத்துக்கொள்ளும் மருத்துவர்களும் நிறைய.

இரும்பு எங்கே போனது என்பதற்குக் கணக்குப் போட்டாலே போதும். ஒரு மில்லி ரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு இருக்கும். மாதவிலக்கில் 40 மில்லி போனால் 20 மில்லிகிராம் நஷ்டம். அதை முப்பது நாளைக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 0.7 வரும். தோல், குடல் வழியாகத் தினமும் போகும் ஒரு மில்லிகிராமையும் சேர்த்தால் 1.7. சாப்பாட்டிலிருந்து குடல் உறிஞ்சுவது சாதாரணமாக ஒன்று முதல் இரண்டு மில்லிகிராம்தான் என்பதால், இது ஒருவழியாகச் சமாளித்துவிடும். அண்ணிக்குப் போக்கு அதிகம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின், கட்டி கட்டியாக, ஆறேழு நாள். 100 மில்லி என்று வைத்தால் தினசரி நஷ்டம் 2.7 ஆகிவிடுகிறது. மாதா மாதம் பற்றாக்குறைதான். அவர் அதையும் எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தார்.

இதில் சாப்பாடும் ஒரு பங்கு எடுத்துக்கொண்டது. கீரை, பருப்பு, கேழ்வரகில் இருக்கும் இரும்பு எளிதில் உறிஞ்சப்படாது. இறைச்சி, ஈரலில் இருப்பது அதைவிட நன்றாக ஏறும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் கீரையிலிருந்து கிடைக்க வேண்டிய கொஞ்சத்திலும் பாதிக்கு மேல் வீணாகும். நெல்லிக்காயோ எலுமிச்சையோ கொய்யாவோ கூடச் சேர்ந்தால் உறிஞ்சுவது கூடும். அண்ணி டீயை விடவில்லை, சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி வைத்தார். சரி, அதுவே பெரிய விஷயம். ஆனால் காலியான இருப்பைப் பேரீச்சம்பழத்தாலும் முருங்கைக்கீரையாலும் மட்டும் நிரப்புவது நடக்காத காரியம், அதற்கு மாத்திரை வேண்டும்.

மருத்துவர் அவருக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்திரை எழுதினார். மறதியில் எழுதியதல்ல. ஒரு வேளை மாத்திரை போட்டதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, ஏறக்குறைய ஒரு நாள் வரை குடலின் கதவைச் சாத்திவிடும். அடுத்தடுத்த நாள் போடுவதைவிட இடைவெளி விட்டால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் அதிகம் ஏறும், வயிற்றுக் குமட்டலும் குறைவு. மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், இரும்புதான். கால்சியம் மாத்திரையைக் கூடவே போடக்கூடாது. முக்கியமாக, தெம்பு வந்ததும் நிறுத்தக்கூடாது. ஹீமோகுளோபின் சரியான பிறகும் இருப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் போல ஆகும். பாதியில் விட்டவர்கள்தான் மறு வருடம் அதே எண்ணோடு எங்கள் லேபுக்கு வருகிறார்கள். போக்கு அதிகமாக இருந்ததற்கு அண்ணிக்கு ஸ்கேன் எடுத்ததில் கர்ப்பப்பையில் நார்க்கட்டி தெரிந்தது. அதற்குத் தனியாக வைத்தியம் நடக்கிறது. ஓட்டையை அடைக்காமல் மாத்திரை மட்டும் போட்டால் பலன் நிற்காது.

நீங்கள் செய்ய வேண்டியது: மருத்துவரிடம் ஃபெரிட்டின் எழுதித் தரச் சொல்லுங்கள். காய்ச்சல், சளி இருக்கும்போது எடுக்காதீர்கள். அழற்சி இருந்தால் அந்த எண் பொய்யாக ஏறிவிடும், 10 இருக்க வேண்டியவருக்கு 60 காட்டும். பழைய ரிப்போர்ட்டில் சிவப்பணுக்களின் சராசரி அளவைச் சொல்லும் எம்.சி.வி. என்ற வரியையும் பாருங்கள். 80-க்குக் கீழே இருந்தால் அணுக்கள் சிறுத்திருக்கின்றன. ஆனால் சிறுத்தாலே இரும்புக் குறைவு என்றில்லை, தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறின் மரபு உள்ளவர்களுக்கும் அப்படித்தான் இருக்கும். அவர்களுக்கு ஃபெரிட்டின் நன்றாகவே இருக்கும், இரும்பு கொடுத்துப் பிரயோஜனமில்லை. அதனால்தான் பார்க்காமலே கடையில் மாத்திரை வாங்கிப் போட வேண்டாம் என்கிறேன். தேவையில்லாமல் ஏறிய இரும்பை வெளியேற்ற உடம்புக்குத் தனி வழி கிடையாது.

ஃபெரிட்டின் நன்றாக இருந்தால் தைராய்டு, பி12, சர்க்கரை, தூக்கத்தில் குறட்டை என்று வேறு பக்கம் தேட வேண்டும். இதே எண் உங்கள் அப்பாவுக்கோ மாதவிலக்கு நின்ற அம்மாவுக்கோ குறைவாக வந்தால் மட்டும், மாத்திரையோடு விட்டுவிடாதீர்கள். அவர்களுக்கு ரத்தம் போக மாதவிலக்கு இல்லை. குடலில் எங்கேயாவது கசிகிறதா என்று எண்டோஸ்கோபி, கொலனோஸ்கோபி வரை பார்க்கச் சொல்வார்கள். பார்த்துவிடுங்கள்.