வெல்லப்பாகு பதம்: தண்ணீர்க் கிண்ணமே போதும்

"பொரி உருண்டைக்கும் மனோகரத்துக்கும் வெல்லப்பாகு பதம் வந்துவிட்டதா என்று தெர்மாமீட்டர் இல்லாமல் எப்படிப் பார்ப்பது?"

பதம் என்பது பாகில் இன்னும் எவ்வளவு தண்ணீர் மிச்சம் இருக்கிறது என்பதுதான். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகும், அதனால் ஆறியபின் பாகு இன்னும் கெட்டியாகும். சப்பாத்தி மாவில் தண்ணீர் கூடினால் கையில் ஒட்டும், குறைந்தால் விறைக்கும், அதே கதைதான்.

1 கப் வெல்லத்தைக் கால் கப் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, அடிகனமான பாத்திரத்தில் கொதிக்க விடுங்கள். நுரை பொங்கி அடர்ந்ததும் பக்கத்தில் ஒரு கிண்ணம் குளிர்ந்த தண்ணீர் வைத்துக்கொண்டு அரை ஸ்பூன் பாகை அதில் விடுங்கள். தண்ணீர் பாகைச் சட்டென்று ஆற வைப்பதால், உருண்டை நாளைக்கு எப்படி இருக்கும் என்பது இப்போதே தெரிந்துவிடும். கரைந்து ஓடினால் இன்னும் கொதிக்கட்டும். விரலால் கூட்டினால் மெத்தென்று உருண்டு வந்தால் அது அதிரசத்துக்கான பதம். இன்னும் கொதிக்க விட்டு, மறுபடி உருட்டிய உருண்டையைத் தட்டில் போட்டால் 'டொக்' என்று சத்தம் வந்தால்தான் பொரி உருண்டைக்கும் மனோகரத்துக்கும் சரி. (ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் அடுப்பைச் சிம்மில் வையுங்கள், நாம் உருட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் பதம் தாண்டிக் கசந்துவிடும்.)

விரல்களுக்கு நடுவே கம்பி இழுத்தாலே போதும் என்று பலர் இறக்கிவிடுகிறார்கள், ஆனால் அந்தப் பாகில் மனோகரத்துக்கான முறுக்கைப் போட்டால் ஒட்டாமல் நமுத்துத்தான் போகும்.