மாதாந்தரப் போர்டரோ: மைனஸ் வரிகளை எப்படி விளக்குவது?

முகவர் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்: ஐயா, நாம் கொடுத்த பாலிசிகளையும் பிரீமியங்களையும் வரிசைப்படுத்தி மாதந்தோறும் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பும் பட்டியலான போர்டரோவில், மார்ச் மாதத்துக்குப் பிரீமியம் 12,000 முழுவதும் திரும்பிய ஒரு வரி இருக்கிறது. அதோடு அனுப்பும் மின்னஞ்சலில் ‘ரத்து’ என்று எழுதினால் போதாதா?

போதாது. ஜனவரி 1-இல் தொடங்கிய பாலிசிக்கு மார்ச்சில் முழுப் பிரீமியமும் திரும்புகிறது என்றால், காப்பீட்டு நிறுவனத்தில் அதைப் பார்ப்பவர் முதலில் கேட்பது இதுதான்: இரண்டு மாதப் பாதுகாப்பைக் கொடுத்திருக்கிறோமே, அதற்குரிய 2,000 எங்கே?

நீங்கள் அனுப்பிய விவரத்தைப் பார்த்தேன். கடை என்று பதிவான கட்டடம் உண்மையில் கிடங்கு. உங்கள் மென்பொருளில் அந்த வகையை நடுவில் மாற்ற முடியாததால், பழைய பாலிசியைத் தொடக்க நாளிலிருந்தே ரத்து செய்து, அதே நாளிலிருந்து 13,500-க்குப் புதியது கொடுத்திருக்கிறீர்கள். கோப்பில் இவை நாற்பது வரிகள் தள்ளி நிற்கின்றன. இரண்டையும் முடிச்சுப் போடுவதுதான் மின்னஞ்சலின் வேலை. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“பாலிசி 417 தொடக்க நாளிலிருந்து ரத்து, அதற்குப் பதிலாக 488. காரணம்: கட்டடப் பயன்பாடு தவறாகப் பதிவானது, மார்ச்சில் கண்டறிந்தோம். பிரீமியம் −12,000, +13,500, நிகரம் 1,500. கமிஷன் 20 சதவீதம்: −2,400, +2,700, நிகரம் 300. உங்களுக்கு வர வேண்டியது 1,200. இடையில் இழப்பு எதுவும் தெரிவிக்கப்படவில்லை.”

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பிப்ரவரியில் தீ விபத்து நடந்திருந்தால் இது வெறும் எண் திருத்தம் ஆகாது. காப்பீட்டு நிறுவனத்தைக் கேட்காமல் பின்தேதியிட்டு மாற்றி எழுதவே கூடாது. அவர்கள் சம்மதித்தால், இழப்பீட்டுப் போர்டரோவிலும் அந்தக் கோரிக்கை 417-இலிருந்து 488-க்கு நகர வேண்டும். இல்லாவிட்டால் ரத்தான பாலிசியின் மேல் ஒரு கோரிக்கை தொங்கிக்கொண்டிருக்கும்.

கணக்குப் பிரிவில் இருப்பவர்: ஜனவரிக் கோப்பையே திருத்தி மறுபடி அனுப்பினால் இந்த விளக்கமெல்லாம் தேவைப்படாதே?

ஜனவரிக் கோப்பை அவர்கள் இன்னும் பதிவேற்றாமல், பிழை சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தால் நீங்கள் சொல்வது சரி. பதிவேற்றிப் பணமும் கைமாறிய பின் திருத்தினால், அவர்கள் மூடிய கணக்கும் உங்கள் கோப்பும் இனி ஒருபோதும் ஒத்துப்போகாது. திருத்தம் மார்ச் மாத நகர்வாகவே வரட்டும். பிப்ரவரி இறுதிக் கூட்டுத்தொகை, மார்ச் நகர்வு, புதிய கூட்டுத்தொகை ஆகிய மூன்றையும் மின்னஞ்சலின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். அவை கூடி வந்தால்தான் மற்ற விளக்கங்களைப் பொறுமையாகப் படிப்பார்கள்.

ஒரு வாசகர்: என் பைக் பாலிசியை நடுவில் ரத்து செய்தேன். எனக்கு முழுப் பணம் வரவில்லையே, இவருக்கு மட்டும் எப்படி?

உங்களுடையது நடுவில் நின்றுபோன பாலிசி. ஓடிய நாட்களுக்குப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். எவ்வளவு என்பது பாலிசியின் ரத்துப் பிரிவில் இருக்கும். மேலே சொன்னதில் பாதுகாப்பு ஒரு நாள்கூட நிற்கவில்லை, பாலிசி எண்தான் மாறியது. உங்களுக்கு வந்த இதே சந்தேகம்தான் காப்பீட்டு நிறுவனத்திலும் எழும்.

பல ஆண்டு அனுபவமுள்ள முகவர்: காப்பீட்டு நிறுவனத்தைக் கேட்காமல் நாங்களே பாலிசி கொடுக்கக்கூடிய வரம்பு 50 லட்சம். 65 லட்சத்துக்கு ஒன்று கொடுத்தோம், தொலைபேசியில் சம்மதம் வாங்கினோம். போர்டரோவில் இருப்பதால் தெரிவித்ததாகத்தானே ஆகும்?

ஆகாது. கோப்பு ஏற்கப்பட்டது என்றால் வடிவம் சரியாக இருந்தது என்று மட்டுமே பொருள். சம்மதம் கொடுத்தவரிடம் இன்றே எழுத்தில் உறுதி வாங்குங்கள்; அதன் தேதியையும் குறிப்பெண்ணையும் அந்த வரிக்கான விளக்கத்தில் கொடுங்கள். சம்மதமே வாங்காத பாலிசி என்றால் மாதக் கடைசி வரை காத்திருக்காமல் தெரிந்த அன்றே தனியாகச் சொல்ல வேண்டும். நான் ஒருமுறை அப்படி ஒன்றை மின்னஞ்சலின் ஒன்பதாவது குறிப்பாகப் போட்டேன். யாரும் படிக்கவில்லை. தணிக்கையில் வெளிப்பட்டபோது, சொல்லியும் மறைத்ததாகவே அது பார்க்கப்பட்டது. அன்று முதல் வரம்பு மீறல் என் மின்னஞ்சலில் எப்போதும் முதல் குறிப்பு.

காப்பீட்டு நிறுவனத்தில் பணிபுரிபவர்: மாற்றி எழுதிய பாலிசிக்கு எங்களுக்கு நிகரம் 1,500 என்று ஒரே வரி போதும். இரண்டு வரி வந்தால் பாலிசி எண்ணிக்கை குழம்புகிறது.

உங்கள் சிரமம் புரிகிறது. ஆனால் ஒரே வரியாக வந்தால் 417 உங்கள் பதிவில் உயிரோடு இருக்கும். அதே கிடங்கு இரண்டு முறை உங்கள் மொத்தப் பொறுப்பில் சேரும். இரண்டு வரியிலும் ஒரே இணைப்பு எண் போட்டு அனுப்பிப் பார்க்கிறேன். உங்கள் மென்பொருள் அதை ஒன்றாக எண்ணுகிறதா என்று ஏப்ரல் கோப்பில்தான் தெரியும்.