ஆண்டின் நடுவில் சேர்ந்தவருக்கு எத்தனை நாள் விடுப்பு? மத்திய அரசு அலுவலகக் கணக்கு

பதில் அளிப்பவர், மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் நிர்வாகப் பிரிவில் பல ஆண்டுகள் விடுப்புக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர்.

கேள்வி: 13.8.2024 அன்று பணியில் சேர்ந்தேன். ஆண்டுக்கு 30 நாள் என்பதால், மீதமிருந்த 141 நாட்களுக்கு விகிதம் போட்டால் 11.56, அதாவது 12 நாள் வருகிறது. பிரிவில் 10 என்கிறார்கள். எது சரி?

பிரிவு சொல்வதுதான் சரி. 1972-ஆம் ஆண்டு மத்திய குடிமைப் பணி விடுப்பு விதிகளில் ஈட்டிய விடுப்பை நாள் விகிதத்தில் கணக்கிடுவதில்லை. ஜனவரி முதல் தேதியும் ஜூலை முதல் தேதியும் பதினைந்து பதினைந்து நாளாக முன்கூட்டியே வரவு வைப்பார்கள். அரையாண்டின் நடுவில் சேர்ந்தவருக்கு மட்டும், அந்த அரையாண்டில் அவர் பணியாற்றவிருக்கும் ஒவ்வொரு முழு நாட்காட்டி மாதத்துக்கும் இரண்டரை நாள் கிடைக்கும். உங்களுக்கு ஆகஸ்ட் முழு மாதம் ஆகாது. செப்டம்பர் முதல் டிசம்பர் வரை நான்கு மாதங்களுக்குப் பத்து நாள். ஆகஸ்டில் நீங்கள் உழைத்த பத்தொன்பது நாட்கள் இந்தக் கணக்கில் காணாமல் போவது வருத்தம்தான், ஆனால் விதி அப்படி. அரைச் சம்பள விடுப்பும் இதே முறைதான்: மாதத்துக்கு 5/3 நாள் வீதம் 6.67 வரும், அதை 7 என்று முழுமையாக்குவார்கள்.

கேள்வி: நான் 2.9.2024 அன்று சேர்ந்தேன். முதல் தேதி ஞாயிற்றுக்கிழமை. செப்டம்பர் எனக்கு முழு மாதம்தானே?

விதியின் எழுத்துப்படி பார்த்தால் பணி நீங்கள் சேர்ந்த நாளில்தான் தொடங்குகிறது. ஆகவே நான் அக்டோபர் முதல் மூன்று மாதங்களுக்கு ஏழரை, அதை முழுமையாக்கி எட்டு என்றே எழுதியிருப்பேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமையைக் காரணம் காட்டிப் பத்து நாள் வரவு வைத்த அலுவலகம் ஒன்றையும் பார்த்திருக்கிறேன். வாய்மொழியாக வாதிடாமல், எழுத்தில் விளக்கம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதில் வரும்வரை எட்டு என்று எண்ணியே திட்டமிடுங்கள்.

கேள்வி: எங்கள் தொழிற்சாலையில் இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் என்கிறார்களே, நீங்கள் வேறு சொல்கிறீர்கள்?

உங்களுடையது தொழிலாளர் சட்டத்தின் கீழ் வருவது. அதற்கும் இந்த விதிகளுக்கும் தொடர்பில்லை. உங்கள் நிறுவனத்தின் நேர அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி: முதல் கேள்வி கேட்டவன்தான். நவம்பர் 18 முதல் 26 வரை விடுப்பு வேண்டும். இரண்டு மாதம்தான் முழுமையாக முடிந்திருக்கும் நிலையில் பத்து நாளையும் கேட்கலாமா? விண்ணப்பத்தில் இருப்பை எப்படி எழுதுவது?

வரவு முன்கூட்டியே வைக்கப்படுவதால் பத்தையும் கேட்கத் தடையில்லை. வழங்குவது அதிகாரியின் முடிவு. படிவம் 1-இல் விடுப்பு உண்டு என்று சான்றளிக்கும் பகுதியை அலுவலகமே நிரப்பும், அதில் நீங்கள் எழுத வேண்டாம். உடன் வைக்கும் கடிதத்தில் இப்படி எழுதலாம்:

"நான் 13.8.2024 முற்பகல் பணியில் சேர்ந்தேன். 2024 ஜூலை–டிசம்பர் அரையாண்டுக்கு என் கணக்கில் 10 நாள் ஈட்டிய விடுப்பு வரவு வைக்கப்பட்டுள்ளது. இதுவரை ஏதும் எடுக்கவில்லை. 18.11.2024 முதல் 26.11.2024 வரை 9 நாள் ஈட்டிய விடுப்பு வழங்கவும், அதற்கு முன் வரும் 16, 17 ஆகிய விடுமுறை நாட்களைச் சேர்த்துக்கொள்ள அனுமதிக்கவும் வேண்டுகிறேன். இது போக இருப்பு 1 நாள்."

இடையில் வரும் 23, 24 சனி ஞாயிறு விடுப்பில் கழியும். முன்னால் சேர்ப்பவை கழியா. பலர் இடைப்பட்ட இரண்டையும் விட்டுவிட்டு ஏழு என்று எழுதுகிறார்கள், கோப்பு திரும்பி வருகிறது. கடிதம் எழுதும் முன் விடுப்புக் கணக்கை ஒருமுறை நேரில் பார்த்துவிடுங்கள். சேர்ந்த புதிதில் அதில் வரவே ஏறாமல் இருப்பதுண்டு. அப்படி இருந்தால் "வரவு வைக்கப்பட்டுள்ளது" என்று எழுதாமல், "விதிப்படி வரவேண்டியது" என்று எழுதி, பதிவு செய்யவும் கேளுங்கள்.

கேள்வி: நான் இன்னொரு மத்தியத் துறையிலிருந்து முறைப்படி விண்ணப்பித்து, தொழில்நுட்ப ராஜினாமா செய்து ஆகஸ்டில் வந்தேன். எனக்கும் 10 நாள் கூடுமா?

கூடாது. பழைய துறையில் ஜூலை முதல் தேதியே பதினைந்து வரவாகியிருக்கும். அந்த இருப்பு உங்களுடன் வரும். மேலே பத்தும் சேர்த்தால் ஒரே அரையாண்டுக்கு இரட்டை வரவாகும், தணிக்கையில் அதைக் கழித்துவிடுவார்கள். பணிப்பதிவேடு வந்து சேரும்வரை கடிதத்தில் "முந்தைய அலுவலகச் சான்றின்படி இருப்பு" என்றே குறிப்பிடுங்கள்.

கேள்வி: தற்செயல் விடுப்பு எட்டும் முழுதாகக் கிடைக்குமா?

அது அதிகாரியின் விருப்பம். விகிதப்படியும் தரலாம், முழுதாகவும் தரலாம். விடுப்புக் கணக்கில் அது ஏறாது, ஆகவே ஈட்டிய விடுப்பு இருப்போடு சேர்த்து எழுதாதீர்கள்.

கேள்வி: ஒன்பது நாளும் எடுத்துவிட்டு டிசம்பர் 5-ஆம் தேதி ராஜினாமா செய்தால்?

அப்போது செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மட்டுமே முழு மாதங்கள். ஏழரை, அதாவது எட்டு. கூடுதலாக எடுத்த ஒரு நாளின் விடுப்புச் சம்பளத்தைத் திரும்பப் பிடிப்பார்கள்.