17 பேர் எழுதிய வரிகளை ஒரே பிரியாவிடை அட்டையாக்குவது எப்படி?

கேள்வி: எங்கள் பிரிவில் 9 ஆண்டுகள் இருந்த மேலாளர் விடைபெறுகிறார். 17 பேர் ஆளுக்கு ஒரு வரி அனுப்பியிருக்கிறார்கள். ஒருவர் ‘சார்’ என்கிறார், இன்னொருவர் ‘அண்ணா’ என்கிறார். பாதிப் பேர் ஒரே வாழ்த்தைத்தான் சொல்கிறார்கள். அப்படியே ஒட்டினால் கோர்வையாக இல்லை. யார் மனமும் நோகாமல் இதை ஒரே குரலில் எழுதுவது எப்படி? வரிகளை இணைத்திருக்கிறேன்.

பதில்: வரிகளைத் திருத்தத் தொடங்கும் முன் அவற்றைப் பிரித்து வையுங்கள். உங்கள் 17 வரிகளையும் படித்தேன். 8 வரிகள் வெறும் வாழ்த்தும் நன்றியும். 5 வரிகள் அவர் குணத்தைப் பாராட்டுகின்றன; அதில் நான்கில் ‘பொறுமை’ என்ற சொல் வருகிறது. மீதி 4 வரிகளில்தான் ஒரு காட்சி இருக்கிறது: தவறாக அனுப்பிய கோப்பு, சிவப்புப் பேனா, மாதக் கடைசியில் அவர் சொல்லும் சொல், கடைசியாக அவர் அணைக்கும் விளக்கு. அந்த நான்கையும் முதுகெலும்பாக வையுங்கள். மற்ற 13 வரிகளும் அவற்றோடு சேர்ந்துகொள்ளும்.

பலரும் சறுக்குவது அடுத்த படியில். ஒரே குரல் வேண்டும் என்று எல்லா ‘நான்’களையும் ‘நாங்கள்’ ஆக்கிவிடுவார்கள். உங்களுக்கு வந்த ஒரு வரி இது: “சேர்ந்த முதல் வாரம் நான் தப்பான ஃபைலை அனுப்பிட்டேன். நீங்க கோபப்படாம பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தீங்க.” இதை ‘நாங்கள் தவறான கோப்பை அனுப்பிவிட்டோம்’ என்று மாற்றினால் அது பொய். அந்த நாள் அவருக்கு நினைவிருக்கும். படித்ததும் புருவம் சுருங்கும். எழுதியவருக்கும் தன் நினைவைப் பிடுங்கிக்கொண்டது போலிருக்கும். ‘எங்களில் ஒருவர்’ என்று எழுதுங்கள். குரல் கூட்டத்தினுடையதாகவே இருக்கும், நிகழ்ச்சி அந்த ஒருவருடையதாகவே நிற்கும். அது யார் என்று மேலாளருக்குத் தெரியும். அந்த இரகசியமே அட்டைக்கு ஓர் அழகு.

அதோடு ‘நாம்’, ‘நாங்கள்’ வேறுபாட்டையும் கவனியுங்கள். ‘நாம்’ என்றால் அவரும் உள்ளே இருக்கிறார். ‘நாங்கள்’ என்றால் இல்லை. ‘நாம் உங்களை மறக்க மாட்டோம்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார்; அது ‘நாங்கள்’ ஆக வேண்டும். ‘நம்ம ரிப்போர்ட்ல’ என்று வந்த வரியில் ‘நம்’ தவறில்லை, அறிக்கை அவருடையதும்தானே. ஆனாலும் சிறிய அட்டையில் இரண்டும் மாறி மாறி வந்தால் தடுக்கும். அதனால் இங்கே ‘எங்கள்’ என்றே வைத்துவிட்டேன்.

அழைக்கும் முறைக்கு வருவோம். ‘அண்ணா’ என்று எழுதியவரிடம் அதை நீக்கச் சொல்லாதீர்கள். அந்த உறவு உண்மையானது, அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடலாம். நடையில் ‘நீங்க’, ‘தங்களது’ இரண்டையும் ‘நீங்கள்’, ‘உங்கள்’ என்ற நடுவழிக்குக் கொண்டுவாருங்கள். ‘நன்றிக்கடன்பட்டுள்ளோம்’ என்பதற்கு ‘நன்றி’ போதும். ஒன்றை மட்டும் தொடாதீர்கள்: மேலாளர் தன் வாயால் சொல்லும் சொல். அது பேச்சுத் தமிழிலேயே மேற்கோளுக்குள் இருக்கட்டும். எழுத்து நடைக்கு மாற்றினால் அவர் குரல் போய்விடும்.

இப்படிச் சேர்த்தால் வருவது:

அன்புள்ள சார் (எங்களில் சிலருக்கு அண்ணா),

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எங்களில் ஒருவர் தவறான கோப்பை அனுப்பிவிட்டார். நீங்கள் கோபப்படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தீர்கள்.

உங்கள் சிவப்புப் பேனா படாத பக்கம் எங்கள் அறிக்கைகளில் கிடையாது. அது சுழித்த இடங்களில்தான் நாங்கள் வேலை கற்றுக்கொண்டோம்.

மாதக் கடைசி. எல்லோருக்கும் பதற்றம். “பார்த்துக்கலாம், விடுங்க” என்று உங்கள் குரல். நாங்கள் கிளம்பிய பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் போவதும் நீங்கள்தான்.

9 ஆண்டுகளுக்கும் நன்றி. உங்களை மறக்க மாட்டோம். போகும் இடத்தில் எல்லாம் நன்றாக அமையட்டும். அடிக்கடி போன் செய்யுங்கள்.

‘பொறுமை’ என்ற சொல்லே இதில் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். நான்கு பேர் பாராட்டிய பொறுமை முதல் பத்தியிலேயே கண்ணுக்குத் தெரிகிறது. சொல்லாகவும் சேர்த்தால் காட்சியின் பலம் குறையும். பாராட்டில் ஐந்தாவது வரி “உங்ககிட்டதான் வேலை கத்துக்கிட்டேன்”. அதைச் சிவப்புப் பேனாவோடு முடிச்சுப் போட்டேன், இரண்டும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்கின்றன. இங்கே மட்டும் ‘நான்’ ‘நாங்கள்’ ஆகியிருக்கிறது. அது எல்லோருக்கும் பொருந்தும் என்று மற்றவர்கள் ஒப்புக்கொண்டால்தான் அப்படியே வையுங்கள்.

ஓட்டம் கெடுவதற்குத் தமிழில் தனியாக ஒரு காரணம் உண்டு. நமக்கு வினை வாக்கியத்தின் கடைசியில் வரும். ஒருவரை முன்னிறுத்தி எழுதினால் ‘உதவினீர்கள், கற்பித்தீர்கள், இருந்தீர்கள்’ என்று ஒவ்வொரு வாக்கியமும் ஒரே ஓசையில் முடியும். நான்காவது வாக்கியத்தில் காது மரத்துவிடும். மூன்றாம் பத்தியை அதற்காகத்தான் உடைத்தேன். ‘மாதக் கடைசி’, ‘எல்லோருக்கும் பதற்றம்’, ‘உங்கள் குரல்’ மூன்றும் வினையில் முடியவில்லை. அவை ஓடி வந்து நிற்க, அடுத்த நீண்ட வாக்கியம் நிதானமாக நடக்கிறது. உங்கள் வரைவில் ‘ஈர்கள்’ என்ற முடிவை எண்ணிப் பாருங்கள். அடுத்தடுத்து மூன்று வந்தால் ஒன்றைப் பெயர்ச்சொல்லில் முடியுங்கள், அல்லது எழுவாயை மாற்றுங்கள். கண்ணால் படித்தால் இது பிடிபடாது. வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

வாழ்த்துகள் எட்டும் கடைசிப் பத்தியில் அடங்கிவிட்டன. அதிலும் பொதுவான வாழ்த்தை முன்னே வைத்து, ‘போன் செய்யுங்கள்’ என்பதைக் கடைசியில் வைத்தேன். வாசலில் நின்று வழியனுப்பும்போது நாம் உண்மையில் சொல்வது அதைத்தான்.

அச்சுக்குப் போகும் முன் ஒரு வேலை இருக்கிறது. வரைவின் ஓரத்தில் 1 முதல் 17 வரை எண் போட்டு, யார் வரி எங்கே போயிற்று என்று குறியுங்கள். எண் விடுபட்டால் ஒருவர் தொலைந்துவிட்டார் என்று பொருள். பிறகு வரைவை எல்லோருக்கும் அனுப்பி, ‘உங்கள் வரி இங்கே இருக்கிறது’ என்று தனித்தனியே சொல்லுங்கள். ‘என் வாழ்த்து எங்கே?’ என்ற வருத்தம் பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடும். வெறும் வாழ்த்து அனுப்பிய 8 பேரிடம், “அவரோடு உங்களுக்கு நினைவிருக்கும் ஒரு நாள் எது?” என்று கேட்டுப் பார்க்கலாம். இரண்டு பேர் நல்ல பதில் தந்தாலும் ஒரு பத்தி கூடும். அதற்கு மேல் சேர்க்காதீர்கள். A4 தாளை இரண்டாக மடித்தால் வரும் பக்கத்தில், படிக்க வசதியான அளவு எழுத்தில் 100 சொற்கள் வரைதான் நெருக்கடியில்லாமல் நிற்கும்.

தன் சொல்லைத் தானே சொல்ல வேண்டும் என்று யாராவது விரும்பினால் அவரைச் சமாதானப்படுத்த வேண்டாம். அட்டையின் பின்பக்கத்தைக் காலியாக விட்டு, அங்கே அவர் கையாலேயே எழுதட்டும். உள்ளே பெயர்களைப் பதவி வரிசையில் போடாமல் அகர வரிசையில் போடுங்கள். ஒவ்வொருவரும் தம் பெயருக்கு எதிரே கையெழுத்திடும் அளவுக்கு இடமும் விடுங்கள்.